மார்கழியில் குறைத்த ஐஸ்

பெயர்தான் சமுத்திரம். அறுபது வயது நெருங்கியும் கடலில் அவர் கால் நனைத்தது ஒரே ஒரு தடவை, அதுவும் திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனபோது. மற்றபடி அவர் பிழைப்பு முழுக்கப் பிளவக்கல் அணைத் தண்ணீரில். பரிசலைச் சுழற்றி வலை விரித்துக் கட்லாவும் ரோகும் ஜிலேபியும் பிடிக்கிற நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு கூட்டுறவு சங்கம் இருந்தது. அதற்கு அவர்தான் தலைவர். இரண்டாவது தடவையாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கடனை ஒழுங்காகக் கொடுத்து ஒழுங்காக வசூலிப்பார் என்று நம்பித்தான் கைதூக்கினார்கள்.

சங்கத்தின் கணக்கு பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. அணையில் பிடிக்கிற மீன் அத்தனையும் சங்கத்து வண்டியில் ஏறி, வத்திராயிருப்பு தாண்டி, கிருஷ்ணன்கோவில் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் சங்கம் வாடகைக்குப் பிடித்திருக்கிற கொட்டகைக்கு விடியுமுன் போய்விடும். அங்கே ஏலம். நூறு ரூபாய்க்கு மீன் போனால் எட்டு ரூபாய் சங்கத்துக்குக் கமிஷன். அந்த எட்டு ரூபாயில்தான் வண்டிக்கு டீசல், ராஜபாளையத்திலிருந்து வருகிற ஐஸ் பார், கிழிந்த வலைக்கு நூலும் கூலியும். மிஞ்சுவது கோடைக்கு. சித்திரைக்கு மேல் வயலுக்குத் தண்ணீர் திறந்து அணை வற்றிவிட்டால் மீனும் இருக்காது, மீன்குஞ்சு விட்டிருக்கிற நாட்களில் வலை போடவும் கூடாது. அந்த மாதங்களுக்கு ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் சங்கம் கடன் கொடுக்கும். பஞ்சமாசக் கடன் என்று பெயர். வட்டி கிடையாது. மறுபடி மீன் பட்டதும் ஏலத்தில் நூற்றுக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டே வருவார்கள். அந்தப் பிடித்தமும் திரும்ப அதே கோடைப் பணத்தில்தான் சேரும்.

இப்படி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன மார்கழியில் சமுத்திரத்துக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனைதான் வினை.

மார்கழி மாதம் மலையிலிருந்து பனி இறங்கும். விடியற்காலையில் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது கோயில் பக்கம் திருப்பாவை கேட்கும், பெட்டிக்குள் ஐஸ் பாதிகூட உருகாமல் கிடக்கும். மிஞ்சின ஐஸைச் சாக்கடையில் கொட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் சமுத்திரத்துக்கு வயிறெரிந்தது. மூன்று பார் எதற்கு, இரண்டு போதாதா என்று நான்கு நாள் இரண்டே பார் போட்டுப் பார்த்தார். மீன் கல்லு மாதிரி வந்து சேர்ந்தது. பொதுக்குழுவில் எழுந்து, தினம் ஒரு பார் மிச்சம் பிடித்தால் வருஷக் கடைசியில் தலைக்கு எழுநூறு ரூபாய் கூடுதலாகக் கடன் கொடுக்கலாம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எழுத்தர் கல்பனா மட்டும், கோடையிலேயும் ரெண்டுதானா அண்ணாச்சி என்று கேட்டாள். வருஷத் திட்டம்னா வருஷம் பூராவுக்கும்தான் என்று அவர் சொன்னார். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மாசி பிறந்ததும் வெயில் ஏறியது. மாசிக் கடைசியில் ஒரு நாள் கிருஷ்ணன்கோவில் பக்கத்தில் வண்டி பஞ்சராகி நின்றது. கல்லூரிப் பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகிற நேரம் வரைக்கும் நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தால் ஐஸ் தண்ணீராகி, மீன் கண் வெளுத்து, விரல் வைத்தால் குழி விழுந்தது. அன்றைக்குப் பாதி விலைதான். பஞ்சர் ஒரு நாள் கூத்து என்று விட்டுவிடலாம். ஆனால் பஞ்சர் ஆகாத நாளிலும் மீன் தளர்ந்துதான் வந்தது. கூடைக்காரப் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிளவக்கல் மீன் இப்பம் சரியில்லை என்று ஒதுங்கினார்கள். பங்குனி பாதியில் மூன்றாவது பாரைத் திரும்பவும் வாங்கினார்கள்தான். போன பேர் ஐஸ் போட்டுத் திரும்பி வருமா. பங்குனி முழுக்க விலை ஏறவில்லை. ஏலம் குறைந்ததால் கமிஷன் குறைந்தது, பழைய கடனுக்கான பிடித்தமும் குறைந்தது.

சித்திரையில் புது வருஷத் திட்டத்துக்குக் கூட்டம் போட்டபோது கல்பனா கூட்டிக் கழித்துச் சொன்னாள். பஞ்சமாசக் கடன் இந்தத் தடவை தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுதான் வரும்.

முதலில் வாய் திறந்தவன் தங்கச்சாமி. வாய்த்துடுக்கு உள்ள ஆள். போன வருஷம் எழுநூறு கூடும்னு சொன்ன மனுசனுக்கு மாலை ஒண்ணு வாங்கிப் போடணும், ஐஸ்ல கட்டின மாலையா இருக்கட்டும் என்றான். சிலர் சிரித்தார்கள். சமுத்திரமும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

வலைப் பழுதுக்கு வைத்திருக்கிற பணத்தைக் கடனுக்குத் திருப்பலாமே என்று ஒருவர் கேட்டார். இந்தத் தடவை சமுத்திரமே மறுத்துவிட்டார். தண்ணீர் வற்றும்போது அடியில் கிடக்கிற மரக்கட்டையெல்லாம் மேலே வந்து வலையைக் கிழித்திருந்தது. கிழிந்த வலையோடு புதுத் தண்ணீருக்குப் போனால் முதல் மீன் ஓட்டை வழியே போய்விடும். ஒரு இடத்தில் கிள்ளி இன்னொரு இடத்தில் வைத்ததன் பலனை அவர் பார்த்தாயிற்று.

அதற்குப் பிறகு அவர் மறைக்க நினைத்த ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. ராஜபாளையத்து மீன் வியாபாரி ஆவுடையப்பன் முந்தின வாரம் அவரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்திருந்தார். நல்ல மனுஷர் மாதிரிதான் பேசினார். கடன் பணம் முழுக்க நானே போடுகிறேன், ஆளுக்கு ஆறாயிரம், வட்டி வேண்டாம், ஒரு வருஷத்துக்கு மீனை ஏலம் விடாமல் எனக்கே எடைபோட்டுக் கொடுத்தால் போதும் என்றார். விலை? அது நாம பேசிக்கிடுவோம் தலைவரே.

இதைச் சொன்னதும் பல முகங்கள் மலர்ந்தன. கல்பனாதான் நிதானமாக எடுத்துச் சொன்னாள். ஏலம் இல்லையென்றால் கமிஷன் இல்லை. கமிஷன் இல்லையென்றால் டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் அவரிடமே கை நீட்டணும். வருகிற வருஷம் கடனுக்கும் அவர்தான். சங்கம் என்று ஒரு பெயர்ப்பலகைதான் மிஞ்சும். நெடுநேரம் சலசலத்து, கடைசியில் வேண்டாம் என்று முடிவாயிற்று. கை தூக்கியவர்கள் அரை மனதாகத்தான் தூக்கினார்கள்.

சுடலைமாடத்தி கை தூக்கவே இல்லை. தங்கச்சாமியின் அக்கா அவள். புருஷன் போனபிறகு அவன் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, தம்பியோடு பரிசலேறி வலை போடுகிறவள். மகள் ஷெண்பகம் ராஜபாளையத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம் போகவேண்டும், ஆனியில் பணம் கட்டவேண்டும். பஞ்சமாசக் கடனை நம்பித்தான் முதல் வருஷம் சேர்த்துவிட்டாள். அந்த எழுநூறையும் சேர்த்தே அவள் மனதில் கணக்குப் போட்டிருந்தாள் என்பது சமுத்திரத்துக்குத் தெரியும். கூட்டம் கலைந்தபோது இரண்டாயிரத்து ஐந்நூறை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் பஸ்ஸுக்குப் போனாள். ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அணை நிறைந்து, கார்த்திகையில் முதல் மீன் பட்டது. நல்ல மீன். தைத்த வலைகள் அத்தனையும் தாங்கின. கரையில் பெட்டிகளை அடுக்கி, வண்டிக்குள் ஐஸ் நொறுக்கிக்கொண்டிருந்த சமுத்திரம் நிமிர்ந்து பார்த்தபோது, புளியமரத்தடியில் ஒரு பைக் நின்றது. பின்னால் பெரிய பெட்டி. சுடலைமாடத்தி தன் கட்லாவை அந்தப் பெட்டிக்குள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் கிட்டே போனார். பைக்காரன் ஆவுடையப்பனுடைய ஆள். எட்டாயிரம் வாங்கியிருக்காவ, கிலோவுக்கு அம்பது ரூவா குறைச்சுக் குடுக்கதா பேச்சு என்று அவன் ஒளிக்காமல் சொன்னான்.

சங்கத்து விதி எல்லாருக்கும் தெரியும். சங்கம் குத்தகை எடுத்த அணையில் பிடித்த மீனை வெளியே விற்றால் அந்த வருஷம் முழுக்கப் பரிசல் இறக்கக்கூடாது. மற்றவர்கள் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தங்கச்சாமி பரிசலைக் கவிழ்த்துப் போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விதிப்படி செய்தால் இந்தப் பெண்ணின் அடுப்பு அணையும். செய்யாவிட்டால் நாளைக்கு இந்த மரத்தடியில் பத்து பைக் நிற்கும்.

“என்னைத் தள்ளி வைக்கணும்னா வச்சிருங்க அண்ணாச்சி,” என்றாள் அவள். “புள்ளைக்குப் பணம் கட்டியாச்சு. அதை இனி யாரும் திருப்பி வாங்க முடியாது.”

“யாரு தாயி தள்ளி வைக்கா,” என்றார் சமுத்திரம். “கடன் வாங்கினா கட்டணும், அதுல பேச்சில்ல. ஆனா மீனை அவிய சொல்லுத விலைக்குக் குடுக்கணும்னு இல்ல. மீன் ஏலத்துக்குப் போகட்டும். விழுகுத விலையில அவிய கடனைப் பிடிச்சுக் குடுப்போம்.”

“வாக்குக் குடுத்திருக்கேனே.”

“அந்த வாக்கை உன்னைக் குடுக்க வச்சது நான். நான் பேசிக்கிடுதேன்.”

அவர் குனிந்து கட்லாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சங்கத்துப் பெட்டியில் அடுக்கினார். பைக்காரன் தடுக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

அதனால் மறுநாள் விடியலில் ஆவுடையப்பனே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கொட்டகைக்கு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. சமுத்திரம் சுடலைமாடத்தியின் பெட்டியை முதலில் ஏலம் கூறினார். மேலே ஐஸ் கெட்டியாகக் கிடந்தது. கூடைக்காரப் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள். சிவப்பு. கிலோ தொண்ணூறில் தொடங்கியது. நூற்றுப்பத்து, இருபது. பெண்கள் விடவில்லை. ஆவுடையப்பன் ஒரு ஓரத்தில் நின்றே விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். நூற்று நாற்பதுக்கு அவர் பேரிலேயே விழுந்தது.

கல்பனா பிரித்தாள். கமிஷன் எட்டு. சங்கக் கடனுக்குப் பத்து. ஆவுடையப்பன் கடனுக்கு, சுடலைமாடத்தி ஒத்துக்கொண்டபடி, நூற்றுக்கு இருபது. மிச்சம் அவள் கையில். கிலோவுக்கு ஐம்பது குறைத்துக் கொடுத்திருந்தால் அந்தக் குறைவு கடனில் கழியாது, எட்டாயிரம் எட்டாயிரமாகவே நிற்கும். இது மெலிந்த மிச்சம்தான், ஆனால் கடனும் மெலிந்தது.

ஆவுடையப்பன் தன் பங்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “கூடுதல் விலை குடுத்து என் கடனை நானே வாங்கிட்டுப் போறேன்,” என்று சிரித்தார். பிறகு சமுத்திரத்திடம் தணிந்த குரலில், “சரி தலைவரே. வார கோடைக்கு உங்க ஆளுக யாரும் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. நின்னாலும் இனி கிடையாது. அதை நீங்களே சொல்லிருங்க,” என்றுவிட்டுப் போனார்.

அதில் மிரட்டல் இல்லை. அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு கதவை அடைத்துவிட்டோம் என்று சமுத்திரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கதவு கெட்ட கதவுதான். ஆனாலும் பசித்த நாளில் ஷெண்பகத்தின் படிப்புக்குத் திறந்தது அது ஒன்றுதானே.

கொட்டகையைக் கழுவி விட்டார்கள். சுடலைமாடத்தி போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“வார வருஷம் பஞ்சமாசக் கடன் எம்புட்டு வரும் அண்ணாச்சி? மூணாம் வருஷத்துக்குக் கட்டணும்.”

அவர் கல்பனாவைப் பார்த்தார். அவள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். கார்த்திகை விலை இப்படியே நின்றால், வலை கிழியாமல் இருந்தால், டீசல் ஏறாமல் இருந்தால். எத்தனை இருந்தால்.

“தெரியலியே தாயி,” என்றார்.

அவள் தலையாட்டினாள். “போன தடவை நல்லாத் தெரியும்னு சொன்னிய,” என்று மட்டும் சொல்லிவிட்டு, காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். அந்தச் சொல்லில் கோபம் இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மறுபடி மார்கழி பிறக்கப் போகிறது. பெட்டியின் அடியில் பாதி உருகாத ஐஸ் கிடந்தது. வண்டி ஓட்டுகிறவன் அதை எடுத்துச் சாக்கடையில் கொட்டினான். சமுத்திரம் பார்த்துக்கொண்டே நின்றார். வயிறு எரியத்தான் செய்தது. போனை எடுத்து ராஜபாளையத்து ஐஸ் கம்பெனிக்குப் பேசினார்.

“நாளைக்கும் மூணு பார்,” என்றார்.