கேபிள் மாற்றிய சனிக்கிழமை

என் தம்பி ஒரு வேலையை முடித்துவிட்டுக் கையைத் தட்டித் தூசி உதறினால் எனக்குப் பயம்தான். அன்று சனிக்கிழமை மதியம் அப்படித்தான் உதறினான். ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து முன்பு என் மகன் படுத்த அறை வரை சுவரோரமாகக் கேபிள் இழுத்து, கேம் கன்சோலில் சொருகிவிட்டு எழுந்தான்.

"அக்கா, நெட் சும்மா பறக்குது. இனிமே உன் புள்ள குரல் விட்டு விட்டு வராது."

அவனுக்குத் தொழிலே கடை கடையாகக் கேமரா மாட்டுவதுதான். கேபிள் இழுக்கச் சொன்னது நான். போன வாரம் விளையாடிக்கொண்டிருக்கும்போது மகன், "மா, அடுத்த மாசம் நான்..." என்று ஆரம்பித்தான். மிச்சத்தை வைஃபை விழுங்கிவிட்டது. என்னடா என்று திரும்பக் கேட்டால், "அடுத்த சனிக்கிழமை சொல்றேன், விடும்மா" என்றான். அந்த ஒரு வாரம் நான் சோற்றைத் தின்றேனா மண்ணைத் தின்றேனா என்று எனக்கே தெரியாது.

போன் போட்டுக் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். பதினாலு வயதுப் பையனிடம் போனில் பேசிப் பாருங்கள், தெரியும். "சாப்டியா?" "ம்." "பரீட்சை எப்படி?" "ம்." அவ்வளவுதான். அவன் இருப்பது அவன் அப்பாவின் வீட்டில். எங்களுக்கென்று இருப்பது சனிக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை. ஆட்டத்தில் ஆளுக்கொரு லாரியை ஓட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் போவோம். கையில் ஸ்டியரிங் வந்துவிட்டால் அவனுக்கு வாய் தானாகத் திறக்கும். டீச்சரைத் திட்டுவான், சித்தியின் சமையலைக் கிண்டலடிப்பான், சில சமயம் அழக்கூடச் செய்திருக்கிறான்.

நாலு மணிக்கு ஆட்டத்தைத் திறந்து அவனை அழைத்தேன். 'இணைய முடியவில்லை' என்றது. மறுபடி அழைத்தேன். அதே பதில்தான். மகனிடமிருந்து போனில் செய்தி வந்தது: 'மா, உள்ள வர முடியல.'

கன்சோலில் நெட்வொர்க் சோதனையை ஓட்டினேன். இணையம் சரி. வேகம் சரி. அதற்குக் கீழே, நேட் வகை: ஸ்ட்ரிக்ட்.

வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாதபடி என் பக்கம் மூடிக்கிடக்கிறது என்று அர்த்தம். அவன் இருக்கும் வீட்டிலும் அதே கதைதான். அங்கே அவன் அப்பாவின் ஆபீஸ் கொடுத்த ரவுட்டர், யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மூடிக்கிடந்தால் அவன் லாரியும் என் லாரியும் சேராது, குரலும் போகாது. என் பக்கமாவது திறந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் மூன்று மாதம் முன்பே தம்பி ஏற்பாடு செய்திருந்தான். விளையாட்டுக்கு வெளியிலிருந்து வருவதையெல்லாம் 192.168.1.50 என்ற முகவரிக்கு அனுப்பு என்று ரவுட்டரில் போர்ட் என்கிற வாசலைத் திறந்து வைத்தான். ரவுட்டர் இஷ்டத்துக்கு முகவரியை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதே என்று, அந்த ஐம்பதைக் கன்சோலுக்கென்றே ரிசர்வ் செய்தும் வைத்தான். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கரண்ட் போய் வந்தும் ஒரு தொல்லையும் இல்லை.

"டேய்! என்னடா பண்ணித் தொலைச்ச?"

டீ டம்ளரோடு வந்தான். "ஏன், நெட் வருதுல்ல?"

"நெட் வந்து என்னடா பண்றது? புள்ள வரலையே!"

அவன் திரையைப் பார்த்தான், முகம் மாறியது. போனில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்தான். "போர்ட் அம்பதுக்குத்தான் போகுது. ரிசர்வேஷனும் அம்பதுதான் இருக்கு. எல்லாம் சரியாத்தானேக்கா இருக்கு?"

"அப்புறம் இங்க என்ன இருபத்தி மூணுன்னு இருக்கு?" கன்சோலின் நெட்வொர்க் பக்கத்தில் அதன் முகவரி 192.168.1.23 என்று இருந்தது. ஆளே இல்லாத ஐம்பதாம் நம்பருக்கு என் பிள்ளையை அனுப்பிக்கொண்டிருக்கிறது அந்த ரவுட்டர்.

"அதெப்படி? ரிசர்வ் பண்ணியிருக்கேனே!"

போன் மறுபடி சிணுங்கியது. 'மா, டைம் போகுது.' அவனுக்கு ஆறு மணி என்றால் ஆறு மணிதான், டிவியை அந்த வீட்டில் மற்றவர்களுக்கு விட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

நான் வேலை செய்வது ரத்தப் பரிசோதனை லேபில். குப்பியில் ஒட்டிய எண்ணும் சீட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பதே நாள் முழுக்க என் பிழைப்பு. எந்த எண்ணைப் பார்த்தாலும் என் கண் வால் பக்கம்தான் போகும். ரிசர்வேஷனில் கன்சோலின் அடையாளமாக ஒரு எண் இருந்தது, மேக் அட்ரஸ் என்பார்கள், அதன் கடைசி 7C. கன்சோல் திரையில் இரண்டு மேக் அட்ரஸ் இருந்தன. வைஃபைக்கு எதிரே 7C. கேபிளுக்கு எதிரே A4.

"இதுக்கு ரெண்டு நம்பர் இருக்காடா?"

தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயையோ! வைஃபைக்கு ஒண்ணு, கேபிளுக்கு ஒண்ணு. நான் வைஃபை நம்பருக்குத்தான் அம்பதைப் போட்டு வச்சேன். கேபிள்ல வந்ததும் ரவுட்டருக்கு இது யாரோ புது ஆளு. நான் மாட்டுற கேமராவுல எல்லாம் கேபிள் மட்டும்தான்கா, ஒரே நம்பர்தான் இருக்கும், அந்தப் பழக்கத்துல..."

"உன் பழக்கத்தைத் தூக்கி உடைப்புல போடு. மாத்து முதல்ல!"

"கேபிளைப் பிடுங்கிடவா? வைஃபையில போனா உடனே வந்துரும்."

"கை வச்சே, உன்னைக் கொன்னுடுவேன். பாதி வார்த்தையைக் கேட்டுட்டு ஒரு வாரமா நான் செத்துக்கிட்டிருக்கேன். இன்னைக்கு எனக்கு முழுசாக் கேக்கணும்."

பழைய ரிசர்வேஷனை அழித்தான். A4-இல் முடியும் எண்ணைப் போட்டு, அதற்கு ஐம்பதைக் கட்டி, சேமித்தான். கன்சோலைத் தூங்க வைத்து எழுப்பினான். பார்த்தால், மறுபடியும் இருபத்து மூன்று.

"வாங்கின முகவரியை இன்னும் விடாமப் பிடிச்சிக்கிட்டிருக்கு. முழுசா ஆஃப் பண்ணித்தான் போடணும்."

அணைத்தான். திரை கறுத்தது. அந்த நேரம் பார்த்துச் செய்தி: 'சரி மா, பரவால்ல. இன்னொரு நாள் சொல்றேன்.'

'இரு கண்ணு, இரு, போயிடாத' என்று அடித்தேன். 'போயிடாத'வில் கால் போட மறந்து, அழித்து, மறுபடி அடித்தேன். கன்சோல் ஆடி அசைந்து எழுந்தது. நான் முகவரியைப் பார்க்கவில்லை, பயம். தம்பிதான் வாசித்தான். "அம்பது. நேட் ஓப்பன்."

அழைத்தேன். என் லாரியின் கண்ணாடியில், பின்னால், இரண்டு விளக்கு தெரிந்தது. அவனுடைய சிவப்பு லாரி.

"மா, கேக்குதா?"

"கேக்குதுடா தங்கம். நல்லாக் கேக்குது."

என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டு ஓட்டினான். ஒரு பாலம் தாண்டியதும் சொன்னான். "மா, அப்பாவுக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் நானும் போறேன். ஸ்கூல் கூடப் பாத்துட்டாங்க."

அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. ஒரு எழுத்துகூட விட்டுப் போகவில்லை. என் லாரி ஓரத்துத் தடுப்பில் உரசிக்கொண்டே போனது, நான் திருப்பவில்லை.

"மா? அங்கேயிருந்து உன் பக்கம் கனெக்ட் ஆகுமா?"

மைக்கை அணைத்தேன். தம்பிக்குக் கேட்கிற மாதிரி ஒருமுறை வாய்விட்டு அழுதேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் திறந்தேன்.

"ஆகும்டா. என் பக்கம் திறந்தேதான் இருக்கும். நீ எங்கேயிருந்து வந்தாலும் வரலாம்."

"இங்க நாலு மணின்னா அங்க விடியக்காலைம்மா. நான் எழுந்திருக்கவே மாட்டேன்."

"அப்ப உனக்கு எப்ப முடியுமோ சொல்லு. எனக்கு நடுராத்திரின்னாலும் உக்காந்திருப்பேன்."

"தூங்கிட்டே லாரி ஓட்டுவியா?" என்று சிரித்தான். "இப்பவே தடுப்புல தேச்சிக்கிட்டுத்தான் வர்ற, பாத்து ஓட்டும்மா."

சரிடா என்று வண்டியை நடுச் சாலைக்குத் திருப்பினேன்.