எட்டு டிகிரிக்குள் ஒரு மருந்து

பிரவீனாவுக்கு இருபத்தெட்டாம் வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. காஹாங் ஊரிலிருந்து ஆம்புலன்சில் மருத்துவமனைக்கு வந்து இறங்கிய அரை மணி நேரத்தில் பிரசவம். நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஊசி போடக்கூட நேரமில்லை. ஆயிரத்து நூறு கிராம் ஆண் குழந்தை, மூச்சுக்கு மூச்சு முனகியது. நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கிப் போயிற்று.

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் அன்று பகல் வேலை கஸ்தூரிக்கு. ஒன்பது வருட அனுபவம் உள்ள தாதி. குளிர்பெட்டியிலிருந்து சர்ஃபாக்டண்ட் என்ற நுரையீரல் மருந்துக் குப்பியை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

குழந்தையின் அப்பா யுகேந்திரன் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தான். டாக்டர் தேவானந்தன் அவனிடம் பொறுமையாக விளக்கினார். நுரையீரலின் குட்டிக் காற்றறைகளுக்கு உள்பக்கம் மெல்லிய ஈரப்படலம் இருக்கிறது. அந்த நீர் தன்னைத்தானே இழுத்துச் சுருங்கப் பார்க்கும்; அறை சின்னதாக ஆக, உள்நோக்கிய அழுத்தம் கூடும். மூச்சை விட்டதும் அறைகள் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சிலும் அவற்றைப் புதிதாகத் திறக்க வேண்டும். சர்ஃபாக்டண்ட் அந்த நீரின் மேல் பரவி இழுப்பைக் குறைக்கிறது. அறை சுருங்கும்போது அது இன்னும் நெருங்கி அடைந்து, இழுப்பை மேலும் தளர்த்துகிறது. குறைமாதப் பிள்ளைக்கு அது போதிய அளவு ஊறியிருக்காது, அதனால் வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

குழாய் வழியே மருந்து போனது. வழக்கமாகச் சீக்கிரமே பிராணவாயுவைக் குறைக்க முடியும். இரண்டு மணி நேரமாகியும் எழுபது சதவீதத்திலேயே நின்றது. எக்ஸ்ரேயில் குழாய் சரியான இடத்தில் இருந்தது, காற்றுக் கசிவும் இல்லை. நுரையீரல் மட்டும் வெள்ளையாகவே தெரிந்தது.

“சில பிள்ளைங்களுக்கு ரெண்டாவது தடவையும் தேவைப்படும். இன்னொரு குப்பியைத் தயார் பண்ணுங்க, சிஸ்டர்” என்றார் டாக்டர்.

கஸ்தூரி குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த வெப்பமானியில் நாலு டிகிரி; எட்டைத் தாண்டினால் அந்த மருந்து கெட்டுப்போகலாம். ஏதோ தோன்றி, அதன் நினைவுப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். போன வாரம் திங்களன்று நினைவை அழித்ததிலிருந்து எட்டிய அதிக வெப்பம் இருபத்தாறு என்று காட்டியது. இன்றைக்குச் செவ்வாய். அந்தத் திங்கள் முதல் ஒவ்வொரு நாளுக்கும் பெட்டியின் பதிவுத் தாளில் நாலு, நாலு, நாலு என்றே எழுதியிருந்தது. சனிக்கிழமைக் கட்டத்தில் அவளுடைய கையெழுத்துச் சுருக்கம் இருந்தது.

சனிக்கிழமை அவள் லாபிஸில், தம்பி கல்யாணத்தில் இருந்தாள்.

குப்பியை அப்படியே வைத்துவிட்டு டாக்டரிடம் சொன்னாள். அவர் அந்தப் பெட்டியிலிருந்த எதையும் தொடக்கூடாதென்று சொல்லி, பக்கத்து மாவட்ட மருத்துவமனைக்குப் போன் செய்தார். பனிக்கட்டிப் பையில் குப்பிகள் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை கஸ்தூரி இன்குபேட்டரை விட்டு நகரவில்லை.

புதிய மருந்து போய்க் கொஞ்ச நேரத்தில் நெஞ்சின் இழுப்பு அடங்கத் தொடங்கியது. எழுபது ஐம்பதாயிற்று, பிறகு முப்பது. முதல் மருந்து வெப்பத்தில் கெட்டுத்தான் பலிக்கவில்லையா, அல்லது இந்தப் பிள்ளைக்கு எப்படியும் இரண்டாவது தேவைப்பட்டிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதையும் மறைக்காமல் யுகேந்திரனிடம் சொன்னார்.

அந்தச் சனி, ஞாயிறில் பகல் வேலை பார்த்தவள் புஷ்பவள்ளி. கஸ்தூரியோடு ஒன்றாகத் தாதிப் படிப்பு முடித்தவள், ஆறு வருடமாக ஒரே வாடகை வீட்டில் இருப்பவள். வேலை முடிந்து கஸ்தூரி வீட்டுக்குப் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி உட்காராமலே கேட்டாள்.

புஷ்பவள்ளி மறுக்கவில்லை. சனிக்கிழமை வேலை நெருக்கடியில் பெட்டியைப் பார்க்கவே இல்லையாம். ஞாயிறு காலையில் பெட்டியின் மின் சுவிட்ச் அணைந்து கிடந்ததாம். திரும்பப் போட்டாளாம், குளிர்ந்துவிட்டதாம். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருப்பதால் பயந்துபோய்த் தாளை நிரப்பிவிட்டாளாம்.

“பயந்தே, சரி. என் பேரை ஏன் போட்டே?”

புஷ்பவள்ளி கையிலிருந்த துணியையே பார்த்தாள். “நீ அன்னிக்கு லீவுன்னு மறந்துட்டேன் லா.”

அதுதான் உள்ளே போய்த் தைத்தது. லீவு என்பது நினைவிருந்திருந்தால் வேறு யார் பெயரையாவது போட்டிருப்பாள். மறந்ததால் கஸ்தூரியின் பெயர். கைக்கு முதலில் வந்த பெயர் அவளுடைய தோழியுடையது.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். குப்பியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கி வச்சிருப்போம்” என்றாள் கஸ்தூரி. “நான்தான் புஷ்பா அதை எடுத்துக் குடுத்தேன், அந்தப் பிள்ளைக்கு.”

புஷ்பவள்ளி அழுதாள். இதை மேலே சொல்ல வேண்டாம் என்று கேட்டாள். கஸ்தூரி அடுத்த நாள் காலையில் நடந்ததை ஒரு வரி விடாமல் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை புஷ்பவள்ளியை வார்டுக்கு வரவேண்டாம் என்றார்கள். கஸ்தூரி இரண்டு பைகளோடு லாயாங் லாயாங் என்ற ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு மாறினாள்.

பன்னிரண்டாம் நாள் குழந்தை மூக்குக்குழாய் பிராணவாயுவுக்கு வந்தது. பிரவீனா அவனை முதன்முறையாக நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு, “சிஸ்டர், நீங்க பார்த்திருக்காட்டி…” என்று ஆரம்பித்தாள். கஸ்தூரி அந்த நன்றியை வாங்கிக்கொள்ள முடியாமல், குழாய் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.