இரண்டாவது சாவி

எங்கள் ஊர்காவற்றுறை வங்கிக் கிளையின் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று முகாமையாளர் தயாபரனிடம், மற்றது என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அதனால், வங்கியியல் பரீட்சைக்கு ஒரு கிழமை படிப்பு விடுமுறை கேட்ட கடிதத்திலேயே, என் சாவியைப் பொறுப்பேற்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரை அனுப்பும்படியும் எழுதியிருந்தேன்.

தயாபரன் கடிதத்தை வாசித்துவிட்டு, கையெழுத்து வைக்காமல் மேசையில் வைத்தார். எனக்குக் கோபம் ஏறியது. சோதனை பாஸ் பண்ணாவிட்டால் பதவி உயர்வு இல்லை என்று வருடமெல்லாம் என்னை அரித்தவரே இவர்தான்.

"ஏலாதெண்டால் சொல்லுங்கோ சேர்."

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பரீட்சை அனுமதி அட்டையை எடுத்து வைத்தார். அதே பரீட்சை, அதே நாள். பெயர் தயாபரன்.

"ரெண்டு சாவிக்காரரும் ஒண்டாய்ப் போக மேலிடம் விடாது, தனுசியா."

"அப்ப ஆர் போறது?"

அவர் என் கடிதத்தின் கீழே சிபாரிசு எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"நீர் போம். முந்தியும் இப்பிடித்தான் ஒராளை அனுப்பிப்போட்டு நான் நிண்டனான்."

"அவர் பாஸ் பண்ணினவரோ?"

"ஓம். இப்ப பிராந்திய முகாமையாளர். உம்மடை கடிதம் அவரிட்டைத்தான் போகுது."