ஐம்பது வீதம் தைத்த குடல்

காப்புறுதிக் கம்பனி அனுப்பும் கடிதத்தை யார்தான் முழுதாக வாசிக்கிறார்கள்? பதுளைக் கிளையில் பதினோரு வருடமாக றில்வான் அதைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறான். காசு வந்துவிட்டால் கடிதம் அலுமாரிக்குள் போய்விடும். ஆனால் ஜெயந்தினி அதை மடித்து எடுத்துக்கொண்டு, பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

அவள் கணவன் தயாபரன் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர். லொறி சரிவில் புரண்டு வயிற்றுக்குள் பலத்த அடி. தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே ஆபரேஷன் மேசையில் மண்ணீரலை எடுத்தார்கள், கிழிந்த குடலையும் தைத்தார்கள். ஐந்தாம் நாள் இரத்தத்தில் கிருமி ஏறி இறந்துபோனான்.

"சேர், தோட்டத்து கிளாக்கர் வாசிச்சு சொன்னாரு. மண்ணீரலுக்கு நூறு வீதம், கொடலுக்கு அம்பது வீதம்னு போட்டிருக்காம். கொடல பாதிதான் தச்சாங்களா?"

றில்வானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீதிக் காசைக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, வழக்கமான பதிலை வாயில் தயாராக வைத்திருந்தான்.

"இல்ல அக்கா. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு தொகை வச்சிருக்கோம். அது தனியா செஞ்சா ஆகுற செலவு. மயக்க மருந்து, தியேட்டர், வயித்தத் தொறக்கிறது, மூடுறது, பொறகு பார்க்கிறது எல்லாம் அதுக்குள்ள அடங்கும். ரெண்டையும் ஒண்ணா செஞ்சா அதெல்லாம் ஒரு தடவதானே? பெரிய ஆபரேஷனுக்கு முழுசா குடுக்கிறப்பவே அதுக்கெல்லாம் குடுத்தாச்சு. அதனால ரெண்டாவதுக்குப் பாதி. தையல்ல ஒரு குறையும் இல்ல."

"நெசமாவா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் ஃபைலைத் தேடி எடுத்தான். டாக்டர் எழுதிய ஆபரேஷன் குறிப்பை வரிவரியாகத் தமிழில் சொன்னான். குடலில் இரண்டு கிழிசல். இரண்டும் தைக்கப்பட்டன. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குடல் முழுவதையும் தடவிப் பார்த்தார்கள். கசிவு இல்லை. அதன்பிறகே வயிற்றை மூடினார்கள்.

ஜெயந்தினி கடிதத்தை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

"இந்தக் கடிதாசி வந்து மூணு மாசமா அந்த டாக்டர திட்டாத நாளில்ல சேர். வெளக்கு வைக்கிறப்பவும் திட்டுவேன். பாதியில விட்டுட்டு எந்திரிச்சுப் போனவன்னு புள்ளைங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

றில்வானுக்கு வேதனையாக இருந்தது. நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் ஃபைலைத் திறந்தான். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவள் இத்தனை நாள் எழுந்து நடமாடியிருக்கிறாள் என்பது இப்போதுதான் புரிந்தது.

"அப்ப எல்லாம் முழுசா செஞ்சுமா," என்றாள் அவள், "எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு?"