பாகம் பிரியாத பல்

பல் டாக்டர் ரெபேக்காள் என்னைத் தேடி வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. போடியில் பத்திரம் எழுதுகிறவர்கள் பலர். எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். காசிராஜனுக்குத் தலைக்கனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

டாக்டரம்மாவுக்கு நாகர்கோவில். என்ன வைத்தியம் செய்யப் போகிறார், அதன்பின் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று வாயால் சொன்னால், ஜனங்கள் படி இறங்கியதும் மறந்துவிடுகிறார்களாம். பல்லைப் பிடுங்கிய கையோடு வெற்றிலைக் கடைக்குப் போய் நிற்கிறார்களாம். அதனால் அவர் இங்கிலீஷில் எழுதுவதை நான் தமிழில் எழுதித் தர வேண்டும்.

“சாதாரணத் தமிழ் போதும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நோயாளி கைநாட்டு வைக்கப் போகிற காகிதத்தில் சாதாரணம் ஏது?

முதல் காகிதம் ராசிங்காபுரம் சுருளிவேலுக்கு. கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை, கன்னம் வீங்கியிருந்தது. டாக்டரம்மா இரண்டு வரி எழுதியிருந்தார். நான் முறைப்படி எழுதினேன்:

‘தெற்கு முகமாக அமர்ந்த நிலையில், நாக்குக்கு மேற்கு, கன்னத்துக்குக் கிழக்கு, முன்கடைவாய்ப் பல்லுக்கு வடக்கு, இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்குத் தெற்கு, இதன் மத்தியில் உள்ள பூர்வீகப் பல் ஒன்றை வேரோடு அகற்றச் சம்மதிக்கிறேன். பிடுங்கியபின் பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருப்பேன். குழியில் உறையும் இரத்தக்கட்டி குழிக்கே பாத்தியம். மறுநாள் வரை துப்பியோ, கொப்பளித்தோ, உறிஞ்சிக் குடித்தோ, வெற்றிலை பீடியாலோ அதற்கு வில்லங்கம் செய்ய எனக்குப் பாத்தியமில்லை. ஆறிய குழைந்த உணவே உண்பேன். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெல்லக் கொப்பளிப்பேன்.’

வாசித்துக் காட்டினேன். சுருளிவேல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பக்தியோடு கேட்டார். கைநாட்டு வைக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

“பூர்வீகம்னு எழுதிருக்கீக. நானும் எங்கண்ணனும் இன்னும் பாகம் பிரிக்கலைய்யா. அவரு கையெழுத்து இல்லாம இதுல கை வச்சா நாளைக்கு வில்லங்கம் வரும்.”

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் என்னால் மறுக்க முடியவில்லை.

“பல்லு உங்க வாயிலதானே இருக்கு?” என்றார் டாக்டரம்மா.

“கிணறும் என் தோட்டத்துலதான் இருக்கு. அதுக்கே கேசு நடக்குது.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, அந்த ஒரு வார்த்தையை அடிக்கச் சொன்னார். அடித்தல் திருத்தல் இருந்தால் பத்திரம் சந்திக்கு வரும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே பல் கூசியது. வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சடைத்து உயிருக்கே ஆபத்து, இன்றே பிடுங்க வேண்டும் என்றார். சுருளிவேல் அசையவில்லை.

அவர் மனைவி வேலுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். “இந்த மனுசன் பல்லால சாக மாட்டாரு, வீம்பாலதான் சாவாரு” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். கூட்டி வர வேண்டியவர் அண்ணன் கோட்டைச்சாமி. கிணற்றுத் தகராறில், அவர் எதிரே வந்தால் மூஞ்சியில் துப்புவேன் என்று சுருளிவேல் ஊரறியச் சபதம் போட்டிருந்தார்.

கோட்டைச்சாமி வந்தார். காகிதத்தை முழுதும் படித்தார். பிறகுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தார். என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

“பிடுங்குங்கம்மா” என்று கையெழுத்துப் போட்டார். “எம் பங்கையும் சேத்து.”

சுருளிவேல் அண்ணன் பக்கம் திரும்பாமலே கைநாட்டு வைத்தார். ஊசி போட்டு, மரத்தபின் டாக்டரம்மா பல்லை எடுத்தார். பஞ்சைக் கடித்தபடி சுருளிவேல் பெஞ்சில் உட்கார்ந்தார். கோட்டைச்சாமி காகிதத்தோடு எதிரே உட்கார்ந்தார்.

“வாயத் தெறக்கப்படாது. எழுதியிருக்கு” என்றவர், கிணற்றுக் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். முதல் வெடி வைத்தது யார், ஊற்று எந்தப் பக்கம் வந்தது, மோட்டாரை யார் கழற்றியது என்று அரைமணி நேரம் தம் கட்சியைச் சொன்னார். சுருளிவேலின் கண் சிவந்ததே தவிர வாய் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒருவர் பேசி மற்றவர் முழுதும் கேட்டது அன்றுதான் என்றாள் வேலுத்தாய்.

டாக்டரம்மா பஞ்சை எடுத்துப் பார்த்தார். இரத்தம் நின்றிருந்தது. சுருளிவேல் எழுந்து அண்ணனுக்கு நேர் எதிரே போய் நின்றார். வாய் நிறைய எச்சில், கன்னம் உப்பியிருந்தது. வேலுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

கோட்டைச்சாமி நகரவில்லை. காகிதத்தை மட்டும் நீட்டினார். “துப்பப் பாத்தியமில்ல.”

சுருளிவேல் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் விழுங்கினார். சபதம் முழுவதும் தொண்டையில் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாராம். தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தது அண்ணன் வீட்டில். தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர்.