கையை எடுத்ததும் விளக்கு எரியும்

இயற்பியல் டீச்சருக்கு மனிதர்கள்மேல் அவ்வளவாக மரியாதை கிடையாது. தலைமையாசிரியர்மேல் அறவே கிடையாது. காரணம் இல்லாமலும் இல்லை. பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்துக்குள் அவர் விழா மேடைச் சாமான்களை அடைத்து வைத்திருந்தார். ஆறு சோபா நாற்காலி, ஒரு மைக் மேஜை, சுருட்டிய சிவப்புக் கம்பளம், யாருக்குக் கொடுத்து மிஞ்சியதோ தெரியாத பதினேழு கேடயங்கள். அலமாரியில் இருந்த கண்ணாடிச் சாமான்களை எல்லாம் ஒரு மூலையில் தள்ளியிருந்தார்கள். மூன்று வருஷமாக டீச்சர் கரும்பலகையில் பேட்டரி படம் வரைந்து, பல்பு படம் வரைந்து, எரிகிற மாதிரி நாலு கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கோடு போட்டால் எந்த பல்பும் எரியும்.

"அறிவியல் கண்காட்சியில நம்ம ஸ்கூல் செலக்ட் ஆகட்டும் டீச்சர்," என்றார் தலைமையாசிரியர், தலையைத் தூக்காமல். "மறுநாளே சாவி உங்க கையில. நாற்காலியெல்லாம் என் ரூமுக்கே கொண்டுபோயிடறேன்."

இந்த மனிதர் வாக்குக் கொடுத்தால் காற்றில் எழுதிக்கொள்ளலாம் என்பது டீச்சரின் அபிப்பிராயம். ஆனாலும் பக்கத்தில் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்துவிட்டது. அது போதும் என்று டீச்சர் கிளம்பினார்.

கண்காட்சிக்கு விதி எளிது. ஐந்து நிமிஷம். மேடையில் இரண்டு மாணவர்கள். ஒருவர் பேச வேண்டும், ஒருவர் செய்து காட்ட வேண்டும். தொடங்கிய பிறகு ஆசிரியர் கீழே இருந்து வாய் திறந்தாலும் சைகை காட்டினாலும் அந்தப் பள்ளி போட்டியில் இல்லை.

பேசுவதற்கு டீச்சர் 'வானொலி'யைப் பிடித்தார். பையன் அருமையான குரல்காரன். எதை நீட்டினாலும் ஏற்ற இறக்கத்தோடு படிப்பான். பலசரக்குச் சீட்டைக் கொடுத்தாலும் கைதட்டு வாங்கிவிடுவான். படித்ததில் என்ன இருந்தது என்று கேட்டால் மட்டும் முழிப்பான். செய்வதற்கு 'கட்டெறும்பு'. ஒன்பதாம் வகுப்புப் பெண். கறுத்து, மெலிந்து, வாய் திறக்காமல், பிடித்ததை விடாதவள். வீட்டில் பழைய டார்ச்சைப் பிரித்து அக்காவின் கொலுசுச் சங்கிலியை நடுவில் வைத்து எரிய வைத்தவள் என்று கேள்விப்பட்டுத்தான் டீச்சர் அவளைத் தேர்ந்தெடுத்தார்.

உரையை டீச்சரே உட்கார்ந்து எழுதினார். மற்றப் பள்ளிக்காரர்கள் "மின்சாரம் என்னும் மாபெரும் சக்தியே" என்று ஆரம்பித்து அழுகிற கூட்டம் என்று அவருக்குத் தெரியும். இவர் உரை இப்படிப் போயிற்று:

"இதோ நான்கு டார்ச் பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு ஒயர். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து பல்புக்கு ஒரு ஒயர் போட்டாயிற்று. எரிகிறதா? எரியவில்லை. மின்னோட்டத்துக்குப் போக வழி இருந்தால் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். இப்போது இரண்டாவது ஒயர். எரிகிறது. இந்த வட்டத்தை எங்கே அறுத்தாலும் அணையும். பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுவதில்லை. உள்ளே எவ்வளவு போகிறதோ அவ்வளவும் வெளியே வருகிறது. பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை மட்டும்தான்."

பிறகு முக்கியமான கட்டம். பல்பின் இரண்டு முனைகளையும் கட்டெறும்பு ஒரு சின்ன ஒயரால் தொட வேண்டும். "மின்னோட்டத்துக்குத் தடையில்லாத குறுக்கு வழி கிடைத்துவிட்டது. விளக்கு அணைந்துவிட்டது. ஆனால் மின்னோட்டம் நிற்கவில்லை, முன்னைவிடப் பல மடங்கு ஓடுகிறது. ஒயர் சூடாகிறது. கையை எடுத்ததும் விளக்கு எரிகிறது, பாருங்கள். வீட்டில் யாரும் கை எடுக்க மாட்டார்கள் என்பதால்தான் ஃபியூஸ் வைக்கிறோம்."

ஒத்திகையில் சிக்கல் இந்த இடத்தில்தான். கட்டெறும்பு அவசரப்பட்டாள். வானொலி "ஒயர் சூடாகிறது" என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே கையை எடுத்துவிட்டாள். பல்பு எரிந்துவிட்டது. அவன் அப்புறம் "கையை எடுத்ததும்" என்று சொன்னபோது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"உனக்கு அவ்வளவு என்னடி அவசரம்?" என்றார் டீச்சர்.

"சுட ஆரம்பிச்சுது டீச்சர்."

"நாலு செகண்டுல என்ன சுட்டுடும்? அவன் 'கையை எடுத்ததும்'னு சொல்றவரைக்கும் எடுக்கக் கூடாது. அந்த வார்த்தை வரணும், அப்புறம்தான் கை. புரிஞ்சுதா?"

அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை செய்ய வைத்தார். பதினோராவது தடவை கட்டெறும்பின் கை அந்த வார்த்தைக்குத்தான் அசைந்தது. டீச்சருக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது பெண் என்று நினைத்துக்கொண்டார்.

கண்காட்சி ஒரு பெரிய கூடத்தில். முன் வரிசையில் சிறப்பு விருந்தினராகக் கல்விக்குழுத் தலைவர். சிமென்ட் வியாபாரி. படிப்புக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம், பள்ளிக்கூடச் சுவருக்கு அவர் கடை சிமென்ட் வந்ததுதான். அவர் பக்கத்தில் தலைமையாசிரியர், நாற்காலியின் நுனியில் பாதி உடம்பை வைத்து, மீதியை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் டீச்சர். ஓரத்தில் மூன்று நடுவர்கள். அதில் பாலிடெக்னிக் விரிவுரையாளர் ஒருவர்தான் விஷயம் தெரிந்தவர் மாதிரி இருந்தார், ஏனென்றால் அவர் ஒருவர்தான் கொட்டாவி விட்டார்.

முதல் மூன்று நிமிஷம் டீச்சர் தன்னையே மெச்சிக்கொண்டார். ஒரு ஒயர், எரியவில்லை. இரண்டு ஒயர், எரிந்தது. "பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுவதில்லை" என்றதும் விரிவுரையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ குறித்துக்கொண்டார். டீச்சர் மனசுக்குள் நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஆய்வகத்தை விட்டு வெளியே தூக்கிப் போட்டார்.

கட்டெறும்பு சின்ன ஒயரின் இரு நுனிகளையும் விரல்களால் பல்பின் முனைகளில் அழுத்தினாள். பல்பு அணைந்தது.

"விளக்கு அணைந்துவிட்டது," என்றான் வானொலி. தாளைத் திருப்பினான். "ஆனால், அன்பர்களே, நம் பகுதியின் கல்வி விளக்கு என்றும் அணையாது. ஏனென்றால் அதற்கு எண்ணெயாகவும் திரியாகவும் விளங்குபவர் இங்கே வீற்றிருக்கும் நம் தலைவர் அவர்கள்."

டீச்சருக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு முன் வரிசையில் தலைமையாசிரியர் முதுகு குலுங்கிச் சிலிர்ப்பதைப் பார்த்தார். விளங்கிவிட்டது. தலைவர் முன்னால் 'விளக்கு அணைந்தது' என்று சொல்வது அபசகுனம் என்று தோன்றியிருக்கிறது அந்த மூளைக்கு. காலையில் பையனைக் கூப்பிட்டுப் புதுத் தாளைக் கொடுத்திருக்கிறார். பரிகாரமாக ஒரு பத்தி புகழுரை. அதைக் குறுக்குச் சுற்றுக்கு நடுவில் வைத்திருக்கிறார். வேறு எந்த வாக்கியத்தின் பின்னாலும் வைத்திருக்கலாம். ஒரு நஷ்டமும் வந்திருக்காது. இயற்பியல் தெரியாதவனின் கை சரியாக எங்கே போய் விழும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

"அவர் இளமையில் பட்ட கஷ்டங்களை எண்ணிப் பார்க்கிறேன்," என்றான் வானொலி. ஒரு கஷ்டத்தையும் அவன் எண்ணவில்லை. அடுத்த வரி எங்கே என்று பார்த்தான்.

பத்து வினாடி. டீச்சர் மேடையைப் பார்த்தார். கட்டெறும்பின் கை அசையவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் வானொலியின் வாயிலேயே நின்றது. அந்த வார்த்தைக்குக் காத்திருக்கிறாள்.

எடுத்துவிடுவாள், சுட்டால் யாரும் எடுத்துவிடுவார்கள் என்று டீச்சர் நினைத்தார். விரிவுரையாளரும் இப்போது மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"கொடை என்றால் அவர், அவர் என்றால் கொடை."

பதினெட்டு வினாடி. சிவப்பு ஒயரின் மேலுறை பளபளத்தது. இளகினால்தான் அப்படிப் பளபளக்கும். பெண்ணின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னத்தில் ஓடியது. கை மட்டும் கடிகாரமாக நின்றது. வானொலியின் தாளில் இன்னும் பாதிப் பக்கம் இருந்தது.

டீச்சருக்கு ஆய்வகம் கண்முன் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். சன்னல், மர மேஜை, பூட்டுக்குள் மூன்று வருஷம். பிறகு எழுந்து நின்றுவிட்டார்.

"விடுடி! கையை எடு!"

கூடம் மொத்தமும் திரும்பியது. கட்டெறும்பு கையை எடுத்தாள். விரலோடு ஒயரும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தது. பல்பு எரிந்தது, முன்னைவிடக் கொஞ்சம் மங்கலாக. யாரும் அதைப் பார்க்கவில்லை. வானொலி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

விரிவுரையாளர் தாளில் ஒரு குறுக்குக் கோடு போட்டார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது போலும். ஆனால் போட்டார்.

வாசலில் தலைமையாசிரியர் வழிமறித்தார். "இன்னும் பத்து செகண்ட் பொறுத்திருக்கக் கூடாதா டீச்சர்? தலைவர் எவ்வளவு ரசிச்சாரு தெரியுமா? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க. இனிமே லேபு அது இதுன்னு என்கிட்ட வராதீங்க."

"நீங்க போய் அவருக்கு விசிறுங்க சார்," என்றார் டீச்சர். "வேர்த்திருக்கும்."

பெண்ணைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனார். தண்ணீரைத் திறந்து விரல்களைக் கீழே பிடித்தார். இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டிவிரல், நாலும் வெளுத்துக் கொப்புளித்திருந்தன. வழியெல்லாம் டீச்சர் திட்டிக்கொண்டே வந்தார். அந்த ஆளுக்கு மூளை இருக்கிறதா, மனுஷ ஜென்மமா, ஒரு குழந்தை கை வேகுகிறது, இவருக்குக் கொடை வேண்டியிருக்கிறதா. திட்டத் திட்ட அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"ஏண்டி, சுடுதுன்னு தெரியலியா உனக்கு?"

"தெரிஞ்சுது டீச்சர். ரொம்ப சுட்டுது."

"அப்புறம் ஏன் புடிச்சுக்கிட்டு நின்னே?"

கட்டெறும்பு அவரை நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற பார்வைதான்.

"அந்த வார்த்தை வரவே இல்லியே டீச்சர்."

தலைமையாசிரியருக்கென்று வாயில் வைத்திருந்த மீதி வசவுகள் எல்லாம் டீச்சருக்கு அப்படியே நின்றுபோயின. அந்த ஆள் பையனுக்கு ஒரு தாள்தான் கொடுத்தார். சுடுகிறது என்று முதல் நாளே சொன்ன பெண்ணைப் பதினோரு தடவை வாயடைத்து நிற்க வைத்தது யார்? வெட்கம் பிடுங்கித் தின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"இங்க பாரு," என்றார் கடைசியில். "இனிமே சுட்டா கையை எடுத்துடு. யார் பேசிக்கிட்டிருந்தாலும் சரி, எடுத்துடு."

பெண் கொஞ்சம் யோசித்தாள். எதையும் சரிபார்க்காமல் விடுகிறவள் இல்லை அவள்.

"நீங்க சொல்லிக்கிட்டிருந்தாலுமா டீச்சர்?"

"நான் எடுக்காதேன்னு சொன்னாதான் முதல்ல எடுக்கணும்," என்றார் டீச்சர். பிறகு அவளுடைய இரண்டு கைகளையும் மறுபடி தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டார்.