மண் யார் வாங்கினது?

சதாசிவத்தின் வலது காலைச் சர்க்கரை நோய் முழங்காலோடு வாங்கிக்கொண்டது. சிலிபினில் இருந்த அவர்கள் வீட்டில் கழிவறை மாடியில் இருந்தது. கூடத்தில் படுத்தபடி மனைவி தினேஸ்வரி பிடிக்கும் சட்டியில் எல்லாம் முடிக்க வேண்டியிருந்ததால், வாயாடியாக இருந்த மனிதர் பேசுவதையே விட்டுவிட்டார். பின்பக்கம் தரையோடு ஓர் அறை, அவர் தானே போய்வர ஒரு கழிவறை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

கட்டிக்கொடுக்க மூன்று பேர் வந்து பார்த்தார்கள். தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி, செய்த வேலையை அளந்து அளந்து ஐட்டம் ரேட்டில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அஸ்திவாரம் ஆழமாகப் போனால் பில்லும் கூடவே போகும், அளவு சரிதானா என்று பார்க்க அவளுக்கு ஆளில்லை. பக்கத்துத் தெருக் கொத்தனார் கூலி மட்டும் பேசினார். சாமான் அவள் பொறுப்பு, வீணானாலும் கெட்டாலும் அவள் தலையில்தான்.

மூன்றாவது ஆள் அர்ச்சுனன், செமோர் பக்கத்தில் அவள் பிறந்த எஸ்டேட்காரன். “லம்ப் சம் அக்கா, மொத்தமா ஒரே தொகை. மண்ணுலேர்ந்து கூரை வரைக்கும் என் பொறுப்பு, வெல ஏறாது லா” என்றான். லம்ப் சம்மில் கண்ணில் படாத இடத்தில் சாமானைக் குறைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வேலையை அவனிடம் கொடுக்கும்போது கம்பியின் தடிமன், மண் நிரப்பி இடிக்கும் விதம் வரை எழுதி வாங்கினாள். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது!

அஸ்திவாரம் முடிந்ததும் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். “சாமான் வெல ஏறிப்போச்சு அக்கா. தரைக்கு மண்ணையும் சிமெந்தையும் நீங்களே வாங்கிருங்க. பேசுன தொகையில கழிச்சிருவோம்.” ஒப்பந்தப்படி விலையேற்றம் அவன் சுமக்க வேண்டியது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நம் எஸ்டேட் பிள்ளையிடம் போய்க் காகிதத்தை நீட்டுவதா என்று கூச்சப்பட்டாள். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் கொடுத்த போன் நம்பரிலேயே கூப்பிட்டு லோரி மண் வாங்கினாள். ரசீது அவள் பெயரில் வந்தது.

அறை முடிந்த அன்று சதாசிவம் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிப் போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் பாடுவது கேட்டது. வெளியே நின்ற தினேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மழைக்காலம் வந்ததும் தரை பின்சுவர்ப் பக்கம் இறங்கியது. கழிவறைக் கதவு நிலையில் இறுகிப் பாதியில் நின்றது. அர்ச்சுனன் வந்து, உடைந்த ஓரத்திலிருந்து மண்ணைக் கிள்ளிப் பிசைந்தான்.

“ஈயம் தோண்டுன குட்டைச் சேறு அக்கா, தண்ணி பட்டா எறங்கிரும். யாரு வாங்குனது?”

“நீதானே நம்பர் கொடுத்த!”

“நம்பர்தான் கொடுத்தேன். வாங்குனது நீங்க.”

“கொட்டுறப்போ உனக்குக் கண்ணு இல்லையா? லம்ப் சம்னு எழுதியிருக்கு!”

“அது சாமான் என்னுதா இருந்தப்போ லா. பொறவு நான் கூலிக்குத்தானே செஞ்சேன்?”

லம்ப் சம்மின் விலையையும் கொடுத்து, கூலி ஒப்பந்தத்தின் தலைவலியையும் வாங்கியிருந்தாள். அவன் மோட்டார் சைக்கிள் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அறையில் சதாசிவம் பிரேக்கைத் தளர்த்தினார். தள்ளாமலே நாற்காலி ஓடிப் போய்ப் பின்சுவரில் இடித்து நின்றது. பாதியில் இறுகிய கதவிடுக்கில் நாற்காலி நுழையாது.

“தினேசு, அந்தச் சட்டிய எடுத்துட்டு வா.”